கைடா, டெக்ஸ்ட்புக்கா: பொட்டாசியம் வைத்த பரீட்சை

நர்சிங் தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படித்தேன். என்னிடம் இருந்தவை இரண்டு: நானூறு பக்கச் சுருக்கக் கைடு ஒன்று, மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் மெடிக்கல் சர்ஜிக்கல் டெக்ஸ்ட்புக் ஒன்று.

முதல் ஆறு மாதம் கைடு மட்டும்தான். அட்டவணைகள், கட்டம் போட்ட குறிப்புகள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகள். ஒரு மாலையில் ஒரு பாடம் முடிந்துவிடும். எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. அந்த நினைப்பை உடைத்தது மாதிரித் தேர்வில் வந்த ஒரு கேள்வி.

இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ் வந்த நோயாளி. ரத்தச் சர்க்கரை 480, பிஹெச் 7.1, பொட்டாசியம் 2.9. இன்சுலின் ட்ரிப் தொடங்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருக்கிறார். செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? கைடில் கீட்டோஅசிடோசிஸுக்கு நேரே இருந்தது ஒரே வரி: சர்க்கரை கூடும், பிஹெச் குறையும், பொட்டாசியம் கூடும், சிகிச்சை சலைனும் இன்சுலினும். நானும் யோசிக்காமல் இன்சுலினைத் தொடங்குவேன் என்று குறித்தேன். தப்பு. இன்சுலினை நிறுத்தி வைத்து, மருத்துவருக்குத் தெரிவித்து, முதலில் பொட்டாசியம் ஏற்ற வேண்டும் என்பதுதான் விடை.

ஏன் என்று கைடில் தேடினேன்; இல்லை. டெக்ஸ்ட்புக்கில் ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. உடலின் பொட்டாசியத்தில் பெரும்பங்கு செல்லுக்குள்தான் இருக்கிறது. இன்சுலின் இல்லாதபோது அது செல்லை விட்டு ரத்தத்துக்கு வருகிறது. சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேறும்போது, இந்தப் பொட்டாசியமும் கூடவே போகிறது. ஆக, ரத்தத்தில் அளவு சரியாகவோ கூடுதலாகவோ தெரிந்தாலும் உடலின் மொத்த இருப்பு காலியாகிக்கொண்டிருக்கிறது. இன்சுலின் கொடுத்தால் மிச்சமிருப்பதும் செல்லுக்குள் திரும்பிவிடும். சாதாரண அளவு 3.5 முதல் 5.0 வரை. ஏற்கெனவே 2.9-ல் நிற்பவருக்கு அது இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கைடின் வரி பொய் இல்லை. ஆரம்பத்தில் பொட்டாசியம் பலருக்குக் கூடுதலாகத்தான் தெரியும். ஆனால் ‘கூடும்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்காத இடத்தில்தான் கேள்வி கேட்பவர் கை வைக்கிறார்.

சரி, அப்படியானால் டெக்ஸ்ட்புக்கே போதும் என்று அடுத்த மூன்று மாதம் கைடைத் தொடவே இல்லை. அதுவும் சரிப்படவில்லை. நீரிழிவுப் பாடத்துக்கு மட்டும் இரண்டு வாரம் பிடித்தது. பாதி வரிகளுக்கு மஞ்சள் மை அடித்திருந்தேன். அத்தனை மஞ்சளுக்கும் கேள்வி என்று வந்தால் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்கும் கேள்விகளுக்குக் கைடுதான் பழக்கியது. காசநோய், தட்டம்மை, சின்னம்மைக்குக் காற்றுவழித் தடுப்பு என்பது போன்ற பட்டியல்களுக்கும் கைடே போதும்; அங்கே காரணம் தேடிப் போனால் நேரம்தான் வீண்.

கடைசியில் பழகியது இது. முதலில் கைடின் கேள்விகளைப் போடுவேன். தவறியவற்றைப் பிரிப்பேன்: அவசரத்தில் கேள்வியைத் தப்பாகப் படித்தது ஒரு பக்கம், விளக்கத்தைப் படித்த பிறகும் ஏன் என்று சொல்ல வராதது இன்னொரு பக்கம். இரண்டாவதற்கு மட்டும் டெக்ஸ்ட்புக். படித்த பக்க எண்ணைக் கைடின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவேன். ஒரு பாடத்தில் இப்படி ஏழெட்டுத்தான் தேறும்.

லேப் டெக்னாலஜி படித்த தோழிக்கும் இதே கதைதான். ரத்தம் எடுக்கும்போது எந்தக் குழாய்க்குப் பிறகு எந்தக் குழாய் என்ற வரிசையை அவள் கைடிலிருந்து மனப்பாடம் செய்திருந்தாள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்க இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அது அடுத்த குழாயில் கலந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். இதைப் பெரிய புத்தகத்தில் படித்த பிறகு வரிசை அவளுக்கு மாறவே இல்லை. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது: நோயாளி நன்றாக இருக்க, பொட்டாசியம் மட்டும் எகிறினால் குழாயையும் சந்தேகப்பட வேண்டும்.

கைடு வாங்குபவர்களுக்கு ஒன்று. என்னுடையதில் விடைப்பட்டியலில் சில எழுத்துப் பிழைகள் இருந்தன. விடை ‘ஆ’ என்று இருக்கும், கீழே விளக்கம் ‘இ’-யைப் பற்றிப் பேசும். அதனால் விளக்கம் இல்லாமல் விடை எழுத்து மட்டும் அச்சிட்ட கைடை நான் வாங்க மாட்டேன். அதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கவே வழியில்லை.