பட்டைப் போர்வைக்கு நூல் நிறங்கள்: ஒரே நிறமா, அண்டை நிறமா, எதிர் நிறமா?

கம்பளி நூலில் பட்டை பட்டையாகப் போர்வை பின்னுபவர் நிறங்களைச் சேர்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒரே நிறத்தின் அடர் சாயையிலிருந்து வெளிர் சாயை வரை எடுப்பது ஒன்று. நிறச் சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்கும் நீலம், மயில்கழுத்து, பச்சை போன்றவற்றை எடுப்பது இன்னொன்று. சிவப்பும் பச்சையும் போல எதிரெதிரே நிற்பவற்றை எடுப்பது மூன்றாவது.

முதல் வழியில் தவறு நேர்வது அரிது. ஆனால் பெரிய போர்வையில் கண் தங்குவதற்கு இடமில்லாமல் போகும்.

எதிர் நிறங்கள் நூல்கண்டுகளாக அருகருகே இருக்கும்போது மிக அழகாகத் தோன்றும். பின்னிய பிறகு அந்த அழகு நிலைப்பது பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. இரண்டு வரிசைக்கு ஒருமுறை சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் பின்னினால், தொலைவிலிருந்து பார்க்கும் கண் அவற்றைப் பிரித்தறியாமல் கலந்துவிடுவதால், போர்வை மங்கிய பழுப்பாகத் தெரியும். அகலமான பட்டைகளில் இக்குறை இல்லை. ஆயினும் நிறம் மாறும் இடத்தில் பின்பக்கம் புள்ளிப் புள்ளியாக விழும் உடைந்த கோடு அங்கே உரக்கத் தெரியும். போர்வையின் இரு பக்கமும் பார்வையில் படும் என்பதால் இதை நான் சிறு குறையாகக் கருதுவதில்லை. அண்டை நிறங்களில் அதே கோடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

ஆகவே என் தேர்வு அண்டை நிறங்களே. அவற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நடுத்தர நீலம், மயில்கழுத்து, இலைப்பச்சை ஆகிய மூன்றையும் ஒருமுறை சேர்த்தேன். நிறங்கள் இணங்கின, பட்டைகள்தாம் தெரியவில்லை. நூல்கண்டுகளைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது: மூன்றும் ஒரே சாம்பலாக இருந்தன. நிறம் வேறானாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் பட்டைகளின் விளிம்பு மங்கிவிடும். நீலத்தைக் கருநீலமாகவும் இலைப்பச்சையை வெளிர்பச்சையாகவும் மாற்றி, மயில்கழுத்தை நடுவில் அப்படியே வைத்ததும் படத்தில் மூன்று படிகள் தெளிவாகப் பிரிந்தன.

அதன் பின்னும் ஏதோ குறைவதுபோல் இருந்ததால், எதிர்ப்பக்கத்திலிருந்து கடுகு மஞ்சளை மட்டும் சிறிதளவு சேர்த்தேன். கருநீலம் 8 வரிசை, மயில்கழுத்து 6, வெளிர்பச்சை 4, கடுகு மஞ்சள் 2 என 20 வரிசைக்கு ஒரு சுற்று. எல்லாம் இரட்டைப்படை என்பதால் நூல் எப்போதும் ஒரே ஓரத்தில் மாறும். மஞ்சளை 4 வரிசையாக்கியபோது கண் அதையே தேடிச் சென்றது, மற்றவை பின்னணியாயின.

இந்த அளவைப் பின்னிப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. ஓர் அட்டைத் துண்டில் 8, 6, 4, 2 என்ற அதே விகிதத்தில் நூல்களை நெருக்கமாகச் சுற்றி, பகல் வெளிச்சத்தில் சில அடி தள்ளி வைத்துப் பார்த்தால் போதும். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தோன்றக்கூடும்.