10,000ஆ, 30,000ஆ: பவர் பாங்க் பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கிளிநொச்சியில் கடை மேசையில் இரண்டு பவர் பாங்க் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அளவும் நிறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் 10000mAh, மற்றதில் 30000mAh. விலை குறைந்தது இரண்டாவது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர், "அண்ணை, இது போனுக்கு எத்தனை தரம் ஏத்தும்?" என்று கேட்டால், அந்த எண்களை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

முதலாவதன் 10000mAh பொய்யில்லை. ஆனால் அது உள்ளே இருக்கும் பற்றரியின் கணக்கு. பற்றரி 3.7 வோல்ற், வெளியே வருவது 5 வோல்ற். ஆகவே 10000mAhஐ, அதாவது 10Ahஐ, பற்றரியின் வோல்ற்றால் பெருக்கி, 10 × 3.7 = 37Wh என்று உள்ளே இருக்கும் சக்தியைப் பார்ப்பதுதான் சரி. வோல்ற்றை உயர்த்தும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். நல்ல பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "Rated capacity 6000mAh (5V/2A)" என்று இருக்கும். நான் அதைத்தான் முதலில் தேடுவேன்.

அளப்பது கடினமில்லை. பவர் பாங்கை முழுக்க ஏற்றி, அதன் வாயிலேயே யூஎஸ்பி மீற்றரைச் செருகி, 5 வோல்ற்றில் ஒரே சீராக 2 அம்பியர் இழுக்கும் சுமையைப் பூட்டி, அது தானாக அணையும் வரை விட வேண்டும். மீற்றரில் mAhஐ விட்டு Whஐப் பார்க்க வேண்டும். முதலாவது 31Wh தந்தது; 37இல் 84 வீதம், நல்ல பேறு. 5000mAh போனின் பற்றரி ஏறத்தாழ 19Wh. போனுக்குள்ளும் கொஞ்சம் வீணாகும். அப்படியென்றால் ஒன்றரைத் தரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது தந்தது 15Wh. ஒரு போனைக்கூட முழுக்க ஏற்றாது.

மீற்றர் இல்லையென்றால் தராசு போதும். 30000mAh என்றால் 111Wh. இன்றைய லித்தியம் பற்றரி ஒரு கிலோவில் 250Wh அளவுதான் கொள்ளும். ஆகவே பற்றரி மட்டுமே 400 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். கையில் இருந்ததோ கோதோடு சேர்த்து 215 கிராம். அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

இயர்போனில் சிக்கல் வேறு. "40 மணி" என்பது பெரும்பாலும் இயர்போனை வைத்து ஏற்றும் பெட்டியையும் சேர்த்த கணக்கு. ஒருமுறை ஏற்றிக் காதில் வைத்தால் எத்தனை மணி என்று தனியே கேளுங்கள். சத்தம் பாதியில், இரைச்சல் தடுப்பை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டு அளந்ததைத்தான் பலர் அச்சடிக்கிறார்கள். தடுப்பைப் போட்டாலோ, நீண்ட நேரம் அழைப்பில் பேசினாலோ நேரம் கணிசமாகக் குறையும். இரண்டு இயர்போனை ஒப்பிடுகிறவர் ஒன்றின் பெட்டிக் கணக்கையும் மற்றதன் காதுக் கணக்கையும் எதிரெதிரே வைத்துவிடக் கூடாது. விற்கிறவர்கள் "6 மணி, பாதிச் சத்தம், தடுப்பு இல்லாமல்" என்று விலைச் சீட்டிலேயே எழுதிவிடலாம்.