t = tan x பிரதியிடல்: பல வருடம் புழங்கிய பிறகும் தீராத ஓர் எரிச்சல்

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு கணக்கை அனுப்பி, "அண்ணா, எல்லாப் படியும் சரியாத்தான் இருக்கு, விடை மட்டும் பூஜ்ஜியம் வருதே?" என்று கேட்டார்.

∫₀^π dx / (4cos²x + sin²x)

இந்த மாதிரிக் கணக்குக்கு t = tan x போல வேகமான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. மேலும் கீழும் cos²x-ஆல் வகுத்தால் dt/(4 + t²) என்று சுருங்கிவிடும். தொகையிட்டால் ½ arctan(t/2). அப்புறம் எல்லைகள்: tan 0 = 0, tan π = 0. விடை பூஜ்ஜியம்.

ஆனால் பகுதி எப்போதும் 1-க்கும் 4-க்கும் இடையில்தான் இருக்கிறது. அதாவது சார்பு எங்கேயும் ¼-க்குக் கீழே இறங்காது. இடைவெளியின் நீளம் π என்பதால் விடை குறைந்தது π/4 இருந்தே ஆக வேண்டும்.

என் எரிச்சல் இங்கேதான். x = π/2-இல் கொடுத்த சார்புக்கு ஒரு குறையும் இல்லை, அதன் மதிப்பு 1. கோளாறு முழுக்க நாம் கொண்டுவந்த tan-உடையது. x அந்த இடத்தைக் கடக்கும்போது t முடிவிலி வரை ஏறி, மறுபக்கம் எதிர் முடிவிலியிலிருந்து மறுபடி ஏறி வருகிறது. 0-இலிருந்து 0 என்று எழுதினால் அந்த இரண்டு ஓட்டமும் கணக்கில் வராமல் போய்விடும். ½ arctan(½ tan x) அங்கே π/4-இலிருந்து −π/4-க்கு விழுகிறது. தொடர்ச்சி அறுந்த ஒன்றில் இரண்டு முனைகளை மட்டும் போட்டுக் கழிக்கக் கூடாது.

பூஜ்ஜியம் வந்ததால் நண்பருக்குச் சந்தேகம் வந்தது. மேல் எல்லை 5π/4 என்றிருந்தால் 0.232 வந்திருக்கும். மிகை எண், பார்த்தால் சரி போலவே தெரியும். உண்மை விடையோ 1.803. அதனால் குறியை மட்டும் பார்த்தால் போதாது, குறைந்தபட்ச மதிப்பையும் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே அது 5π/16, அதாவது 0.98. பிழை உடனே தெரிந்துவிடும்.

தீர்வு, π/2-இல் வெட்டுவது. முதல் துண்டில் t 0-இலிருந்து ∞ வரை போகிறது, π/4 கிடைக்கிறது. இரண்டாவதில் −∞-இலிருந்து 0 வரை, மறுபடி π/4. மொத்தம் π/2. π/2 இடைவெளியின் முனையிலேயே இருந்தால் வெட்டவே வேண்டாம், எல்லை மதிப்பு எடுத்தால் போதும். இன்னொரு வழி, சார்பின் காலம் π என்பதால் இடைவெளியை −π/2 முதல் π/2 வரை என்று நகர்த்திவிடலாம். அப்போது t ஒரே ஓட்டமாக −∞-இலிருந்து ∞ வரை போகும். எனக்குப் பிடித்தது இதுதான். நீண்ட இடைவெளியில், உள்ளே வரும் π/2-இன் ஒவ்வொரு ஒற்றைப்படை மடங்குக்கும் இந்தக் கணக்கில் ஒரு π/2 கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்தும், புதிதாகத் தொகையிடல் படிக்கும் பிள்ளைக்கு 0 முதல் π வரையான கணக்கில் இதை நேராகக் கொடுக்க மாட்டேன். f(π − x) = f(x) என்பதை வைத்து 2∫₀^(π/2) என்று மாற்றி எழுதிய பிறகுதான் tan பக்கமே போகச் சொல்வேன்.