கடுக்காய்த் தண்ணீர் என்று வந்தது வெறும் இனிப்புத் தண்ணீர். 148,500 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலை மேசன் ஐயா சுவரில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் பாதி நகம் வரைக்கும் உள்ளே போனது. பூசி 24 நாட்கள் ஆகிவிட்டன. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன். கொழும்பில் பழைய வீட்டைச் சுண்ணாம்பு பூசித் திருத்த நினைப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். முடிவில் சாந்து குழைக்கும் கடுக்காய்த் தண்ணீரைச் சரியாகச் செய்யும் முறையையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறது, கபுக் கல்லில் கட்டிய பழைய வீடு. அப்பா காலத்தில் முன் அறைச் சுவரில் சீமெந்து பூசினார்கள். கபுக் கல் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சீமெந்து அடைத்துக்கொண்டதால், ஒவ்வொரு மழைக்கும் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழுந்தது. இந்த முறை எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்துதான் என்று முடிவெடுத்தேன். அந்தச் சாந்தைக் கடுக்காயும் பனங்கட்டியும் ஊறவைத்த தண்ணீரில் குழைப்பது பழைய முறை. அப்படி ஊறவைக்க வீட்டில் இடமும் இல்லை, எனக்கு நேரமும் இல்லை. அப்போதுதான் இணையத்தில் பொருள் விற்கும் ஒரு தளத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மணல் கலந்த சுண்ணாம்பு மூட்டை, அதோடு 'புளித்த கடுக்காய்–பனங்கட்டித் தண்ணீர்', தண்ணீர் ஊற்றவே தேவையில்லை, அதையே ஊற்றிக் குழைத்துப் பூசலாம் என்று போட்டிருந்தார்கள்.

தொலைபேசியில் எடுத்தேன். நல்ல தமிழில் கதைத்த ஒரு இளம் பிள்ளை. நான் சோதிப்பதற்காகக் கேட்டேன்: "தம்பி, கடுக்காயை முழுதாகவா போடுகிறீர்கள்?" உடனே சொன்னார்: "இல்லை அக்கா, கொட்டையை எடுத்துவிட்டுத்தான். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று சொல்லுவார்களே." அந்த ஒரு வரியில் நான் விழுந்தேன். என் அம்மம்மா சொல்லும் சொல் அது. இதைத் தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று மனது சொல்லிவிட்டது. வைத்தியத்துக்குச் சொன்ன பழமொழியைச் சாந்துக்குச் சொல்கிறாரே என்றுகூட யோசிக்கவில்லை.

தளம் வழியாகக் கட்டினால் கழிவு போகும், நேரே வங்கிக் கணக்கில் போட்டால் விலை குறைத்துத் தருகிறேன் என்றார். போட்டேன். 30 மூட்டைக்கு 79,500, 25 லீட்டர் கேன் ஆறுக்கு 57,000, லொறிக்கு 12,000. மொத்தம் 148,500 ரூபாய். மேசன் கூலி இதில் இல்லை.

என்ன ஏமாற்று என்று புரிய வேண்டுமானால் இந்த இரண்டு பொருளும் சாந்தில் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். நான் இதைக் காசு கொடுத்து, பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

சுண்ணாம்பு சீமெந்தைப்போலத் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது அல்ல. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக உள்ளே இழுத்துத்தான் திரும்பக் கல்லாகிறது. அது மேலிருந்து உள்ளே போகிற வேலை, வாரக்கணக்கில் ஆகும். இதில் பனங்கட்டி செய்வது இதுதான். வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் கொஞ்சம்தான் கரையும், இனிப்புத் தண்ணீரில் அதைவிட நன்றாகக் கரையும். சாந்து வெண்ணெய்போலக் குழைந்து கரண்டியில் வழுக்கும். குறைந்த தண்ணீரிலேயே பூச வரும், சட்டென்று காயாது, அதனால் வெடிப்பும் குறையும். ஆனால் அளவு மீறினால் இதே குணமே கெடுதலாகிவிடுகிறது. இனிப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இறுகுவதைத் தள்ளிப்போடும், எறும்பையும் கூப்பிடும்.

கடுக்காயின் வேலை வேறு. அதில் இருப்பது துவர்ப்பு, டானின் என்கிற சத்து. அது சுண்ணாம்போடு பிணைந்து கரையாத பொருளாகிறது. பூச்சுத் தண்ணீரை உறிஞ்சுவது குறைகிறது. பூச்சிக்கும் அந்தத் துவர்ப்புப் பிடிக்காது. இரண்டையும் சேர்த்துத் தண்ணீரில் பல நாள் ஊறவைப்பதற்கும் காரணம் உண்டு. கடுக்காய்ச் சாறு முழுதாக இறங்க வேண்டும், அந்த நாட்களில் பனங்கட்டியின் இனிப்பும் புளித்து நுரைத்துக் குறைய வேண்டும். கடைசியில் கிடைப்பது கள்ளு வாசம் அடிக்கும், நாக்கைச் சுருக்கும் பழுப்புத் தண்ணீர். அதில் இனிப்பு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். பனங்கட்டி மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும், அளவும் தவறினால் சுவரே போகும்.

மேசன் ஐயா கேனைத் திறந்தவுடன் முகத்தைச் சுளித்தார். "இது பாணி மணக்கிறது பிள்ளை, புளித்த மணம் இல்லை" என்றார். நான்தான் விற்றவரை நம்பி, "அவர்களுக்குத் தெரியும் ஐயா, பூசுங்கள்" என்று அழுத்திச் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. நல்லவேளை, அவர் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். பின் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கை அகலத்துக்கு, அதே மூட்டைக் கலவையை வெறும் குழாய்த் தண்ணீரில் குழைத்துப் பூசி வைத்தார்.

மூன்றாம் நாள் சுவரில் எறும்பு வரிசை கட்டியது. ஒரு வாரத்தில் பூச்சின் மேல் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு வியர்த்தது. கை வைத்தால் ஒட்டியது. விற்ற பிள்ளைக்கு எடுத்தேன். "அக்கா, சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்றார். அது உண்மைதானே என்று பொறுத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தபோது, உங்கள் சுவரில் ஈரம் இருந்திருக்கும் என்றார். அதற்கடுத்த முறை, உங்கள் மேசன் கூடுதலாகத் தண்ணீர் விட்டிருப்பார் என்றார். தண்ணீரே ஊற்றத் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டவர்கள் சொல்கிற பதில் இது! படம் அனுப்பினேன், பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. பிறகு தொலைபேசியே போகவில்லை. தளத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். 148,500 ரூபாய்க்கு இரண்டு வரி.

நேற்று மேசன் ஐயா என்னைப் பின் கதவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வெறும் தண்ணீரில் பூசிய அந்த இரண்டு கை அகலத் துண்டு நன்றாக இறுகியிருந்தது. நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு மட்டும்தான் விழுந்தது. அதே மூட்டை, அதே கை, அதே நாள். கலவையில் மாறியது கேனில் இருந்த தண்ணீர் மட்டும். ஆக, மூட்டையில் பிழை இல்லை, மேசன் ஐயாவிலும் பிழை இல்லை.

அப்புறம் அவர் இன்னொன்று செய்து காட்டினார். புறக்கோட்டை கெபோஸ் லேன் மருந்துக் கடையில் வாங்கிய நாலு கடுக்காயைத் தட்டி, வெந்நீரில் ஊறவைத்து ஒரு கோப்பையில் எடுத்தார். மற்றக் கோப்பையில் கேன் தண்ணீர். இரண்டிலும் துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்று போட்டார். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்னே கடுக்காய்க் கோப்பை மைபோலக் கறுக்கத் தொடங்கிவிட்டது. இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்களாம். கேன் தண்ணீர் இன்று காலை வரை அதே பழுப்பில் இருக்கிறது. அதில் கடுக்காய் இல்லவே இல்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். தித்திப்பு, தித்திப்பு மட்டும். 57,000 ரூபாய்க்குக் கரைத்த இனிப்பை வாங்கி, 79,500 ரூபாய் நல்ல சாந்தையும் அதை ஊற்றிக் கெடுத்திருக்கிறேன்.

இந்த ஆணிச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கறுத்தால் துவர்ப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம், அது கடுக்காய்தான் என்று அர்த்தம் இல்லை. தேயிலைச் சாயம் கலந்தாலும் கறுக்கும், கொழும்பில் தேயிலைத் தூளுக்கா பஞ்சம்? ஆனால் கறுக்கவே இல்லை என்றால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்புங்கள்.

செய்முறை எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மேசன் ஐயா சொன்ன அளவை மட்டும் போடுகிறேன்: 20 லீட்டர் தண்ணீருக்குக் கொட்டை நீக்கித் தட்டிய கடுக்காய் ஒரு கிலோ, பனங்கட்டி ஒரு கிலோ, மூடியை இறுக்காமல் இரண்டு வாரம், தினமும் ஒரு தரம் கிண்டி, வடிகட்டி எடுக்க வேண்டும். இது அவருடைய கை அளவு. உங்கள் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் சரிவருமா என்று முதலில் இரண்டு கை அகலத்துக்குப் பூசி, மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். எந்த விற்பனைக்காரன் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

கடுக்காய் போட்டும் பூச்சு பால்போல வெள்ளையாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மங்கல் நிறம் கொஞ்சமாவது ஏறும், வெள்ளை வேண்டுமென்றால் மேல்பூச்சைத் தனியாகத்தான் அடிக்க வேண்டும். எனக்குக் காட்டிய படத்தில் சுவர் பளீரென்று வெள்ளை, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொன்று, இந்தத் தண்ணீரைச் சீமெந்து கலந்த சாந்தில் ஊற்றிவிடாதீர்கள். கொஞ்சம் இனிப்பே சீமெந்து இறுகுவதைக் கெடுக்கும். தளத்துக்கு வெளியே காசு போடாதீர்கள். கேனைத் திறந்து மணந்து, ஆணி போட்டுப் பார்க்காமல் லொறியை அனுப்பாதீர்கள்.

வாசலில் மேசன் ஐயா வந்துவிட்டார். இன்று முன் அறையில் அந்த ஒட்டுகிற பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்கிறோம். கேன் ஒன்றில் பாதி மிச்சம் இருக்கிறது. அதை ஊற்றிவிடாமல் முறைப்பாட்டுக்காக வைத்திருக்கிறேன்.