காளை படத்தின் ஓரத்தில் விழுந்த நிழலும் விரலும்: கிராப் பயன்பாட்டு அனுபவம்

காங்கேயம் பக்கம் காளையை விற்பனைக்குப் படம் எடுக்கிறவர்கள் சாயங்கால வெயிலை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். திமிலும் கொம்பும் அந்த வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். ஆனால் சூரியன் 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிட்டால் நிழல் ஆளைப்போல ஒன்றே முக்கால் மடங்கு நீளும். நாலு மீட்டர் தள்ளி நிற்கிற காளைக்கு முன்னால், படத்தின் அடியோரத்தில் எடுத்தவரின் தலையும் தூக்கிய முழங்கைகளும் கருப்பாக விழுந்துவிடும்.

போனில் உள்ள கிராப் வசதி இதற்குப் போதும். நெடுநாள் புழங்கியதில் என் முடிவு ஒன்றுதான்: எந்த ஆப் என்பதைவிட, எந்த அளவில் பிரிண்ட் போடப் போகிறோம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு வெட்டுவதுதான் முக்கியம்.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான போன்களில் 4:3 விகிதத்தில், 4000க்கு 3000 பிக்சல் அளவில் படம் விழும். ஸ்டுடியோவில் போடுகிற 6க்கு 4 அங்குலப் பிரிண்ட் 3:2 விகிதம். அதற்குப் பொருந்த உயரத்தில் 333 பிக்சல் எப்படியும் போயாக வேண்டும். நாம் எதுவும் செய்யாமல் கொடுத்தால், லேப் மெஷின் பெரும்பாலும் நடுவை வைத்து மேலே பாதி, கீழே பாதி என்று வெட்டும். நிழல் பாதி நிற்கும், மேலே கொம்பு நுனியும் போகலாம். நாமே கிராப்பில் 3:2 தேர்ந்தெடுத்து, சட்டத்தை மேல்பக்கம் ஒட்டி வைத்தால் அந்த 333 பிக்சலும் அடியிலிருந்தே போகும். தலை நிழல் அடியிலிருந்து 290 பிக்சல் உயரம் என்றால் தனியாக எதையும் இழக்காமலே அது காலி.

ஆனால் நிழலின் விளிம்பிலேயே ஒட்டி வெட்டக்கூடாது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வட்டு. அதனால் மூன்று மீட்டர் தள்ளி விழுகிற நிழலின் ஓரம் சில செ.மீ. அகலத்துக்கு மங்கலாகவே இருக்கும். போன் திரையில் தெரியாத அந்த மங்கல், பிரிண்டில் அடியோரம் அழுக்குப் பட்டை மாதிரித் தெரியும். பெரிதாக்கிப் பார்த்து, செம்மண் தன் நிறத்துக்குத் திரும்புகிற இடம் வரை போக வேண்டும்.

அடுத்த சிக்கல் குளம்பு. காளை வாங்குகிறவர் கால் அமைப்பைப் பார்ப்பார், குளம்பு வெட்டுப்பட்ட படம் அவருக்கு உதவாது. இந்தப் படத்தில் குளம்பு அடியிலிருந்து 420 பிக்சலில் இருந்தால், வெட்டிய பிறகு கீழே 87 பிக்சல் மண் மிஞ்சும். பிரிண்டில் அது மூன்று மி.மீ. சொச்சம்தான். ஓரமில்லாப் பிரிண்டில் மெஷின் இரண்டு மூன்று மி.மீ. சீவிவிடுவது சாதாரணம், குளம்பு காகித விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். “வெள்ளை பார்டர் வெச்சுப் போடுங்கண்ணா, படத்தை வெட்டாதீங்க” என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிவிட்டால் பயமில்லை.

படம் சாய்ந்திருந்தால் நிமிர்த்துவது முதலில், வெட்டுவது பிறகு. இரண்டு டிகிரி திருப்பினாலே காலியாகிற மூலைகளை மறைக்க ஆப் படத்தைப் பெரிதாக்கிவிடும். முன்பு போட்ட கணக்கெல்லாம் அப்போது மாறிவிடும்.

விரல் விவகாரம் வேறு. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் விரலுக்குக் கூரான விளிம்பே கிடையாது. தெரிகிற சதை நிறத்துக்கு அப்பாலும் ஒரு கலங்கல் பரவியிருக்கும். கொடிவேரி அணை மாதிரி இடத்தில் எடுத்த குடும்பப் படத்தில் வலது மேல்மூலையில் விரல் இருந்தால், அந்த மூலை வானத்தையும் இடது மூலை வானத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் ஒன்றாகிற இடம்தான் வெட்டுக்கோடு. மூலை விரலை மேலிருந்தும் வெட்டலாம், பக்கத்திலிருந்தும் வெட்டலாம். கலங்கலோடு சேர்த்து விரல் 600 பிக்சல் அகலம், 450 பிக்சல் உயரம் என்று வையுங்கள். மேலிருந்து வெட்டினால் 3:2 அளவில் 3825க்கு 2550 கிடைக்கும், பக்கத்திலிருந்து வெட்டினால் 3400க்கு 2267தான். தலைக்கு மேல் இடம் இருக்கும்வரை மேல்வெட்டே லாபம். ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தால் விரலில் பட்ட வெளிச்சம் படம் முழுக்க வெளிறலாக அடித்திருக்கும். அதைக் கிராப் போக்காது.

இதையெல்லாம் மூலப் படத்தில்தான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை வெட்டி 6க்கு 4 போடலாம், ஏ4 அளவுக்குப் போட்டால் பிசிறடிக்கும். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். வெட்டியதை நகலாகச் சேமித்து மூலத்தைத் தொடாமல் வையுங்கள்.

நிழல் காளையின் காலிலேயே ஏறிவிட்டால் கிராப்புக்கு வேலை இல்லை. வெயில் தோளுக்குப் பக்கவாட்டில் வரும்படி நகர்ந்து நின்று, குளம்புக்குக் கீழே தாராளமாக மண் விட்டு, திரும்ப எடுப்பதுதான் வழி.