ஹோட்டல் வைஃபையில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: நேரடி லாகினா, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டா, டிராவல் ரௌட்டரா?

ஹோட்டல் வைஃபையில் இணைந்ததும் ஒரு லாகின் பக்கம் வரும். அறை எண், கடைசிப் பெயர், சில இடங்களில் ஒரு கூப்பன் எண் கேட்கும். அதைக் கொடுத்ததும் ஹோட்டலின் கேட்வே அந்தக் கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, அந்த முகவரிக்கு மட்டும் நெட்டைத் திறந்துவிடும். ஸ்டிக்கை நெட்டில் ஏற்றும் மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது: யாருடைய மேக் முகவரி பதிவாகிறது, அந்த ஒரு முகவரிக்குப் பின்னால் எத்தனை பேர் நுழைய முடிகிறது.

ஸ்டிக்கிலேயே நேரடியாக லாகின் செய்வது எளிய வழி. ஃபயர் டிவி ஸ்டிக் தன்னுடைய பிரவுசரில் லாகின் பக்கத்தைத் திறந்துவிடும். ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் பொறுமை இருந்தால் போதும். ரோகுவில் நெட்வொர்க் அமைக்கும்போது ஹோட்டலில் இருப்பதாகச் சொல்ல ஒரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் ரோகு ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கும். போனை அதில் இணைத்து, போன் திரையிலேயே லாகினை முடிக்கலாம். ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட்டுக்கு இந்த வழி கிடையாது, ஏனென்றால் பக்கத்தைக் காட்டவோ எழுத்துகளைத் தட்டவோ அதில் ஒன்றுமே இல்லை.

நேரடி லாகினில் இரண்டு குறைகள். அறைக்கு இத்தனை கருவி என்று வரம்பு இருந்தால் ஸ்டிக் அதில் ஒன்றைத் தின்றுவிடும். அடுத்தது, பெரும்பாலான ஹோட்டல் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். ஸ்டிக்கில் படம் ஓடும். ஆனால் போனிலிருந்து காஸ்ட் செய்யப் போனால் பட்டியலில் ஸ்டிக்கே தெரியாது. ஒரே வைஃபையில் இருந்தும் தெரியவில்லையே என்று ஸ்டிக்கை ரீசெட் செய்வது வீண் வேலை.

லேப்டாப் கையில் இருந்தால் வேறு செலவு வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் முதலில் லாகினை முடித்துவிட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து ஸ்டிக்கை அதில் சேர்க்கலாம். ஹோட்டலின் கண்ணுக்கு லேப்டாப் ஒன்றுதான் தெரியும். மேக்புக்கில் வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே பகிர முடியாது. விண்டோஸிலும் லேப்டாப் தூங்கிவிட்டால் படம் நின்றுவிடும். ஓர் இரவுக்கு ஒப்பேற்றலாம், அதற்கு மேல் தொல்லைதான்.

மூன்று நாள், நான்கு நாள் தங்குவதென்றால், குடும்பத்தோடு நான்கைந்து கருவிகள் இருந்தால், டிராவல் ரௌட்டர்தான் சரி. ரௌட்டரின் மேக் முகவரி ஒன்று பதிவானால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்; காஸ்டிங்கும் வேலை செய்யும். இன்னொரு வசதி: ரௌட்டருக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்து, பாதுகாப்பு வகையையும் வீட்டில் உள்ளது போலவே வைத்துவிடுங்கள். ஸ்டிக்கில் எதையும் தொடாமலே அது தானாக இணைந்துகொள்ளும்.

ஜிஎல்-ஐநெட் ரௌட்டரை வைத்து ஒரு முறை செய்து பார்க்கலாம். ரௌட்டருக்குப் பவர் கொடுத்து, போனை ரௌட்டரின் வைஃபையில் இணையுங்கள். போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை விட்டால், வைஃபையில் நெட் இல்லை என்று கண்டு போன் டேட்டாவுக்குத் தாவிவிடும். லாகின் பக்கம் வரவே வராது. பிரவுசரில் `192.168.8.1` திறந்து, `Repeater` பகுதியில் ஹோட்டல் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். ரௌட்டருக்கு ஹோட்டலிடமிருந்து `10.20.3.47` மாதிரி ஒரு முகவரி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இப்போது புது டேபில் `http://neverssl.com` என்று அடியுங்கள். லாகின் பக்கம் வரும். அறை எண்ணைக் கொடுத்தால் பதிவாவது ரௌட்டரின் மேக் முகவரி. முகவரியில் `https` இருக்கக் கூடாது. கேட்வே இடைமறித்துத் திருப்பப் பார்க்கும். சான்றிதழ் பொருந்தாததால் பிரவுசர் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

டிபி-லிங்க்கின் சிறிய ரௌட்டர்களில் இதே வேலைக்கு ஹாட்ஸ்பாட் மோட் இருக்கிறது. ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மோடில் வைத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ஹோட்டல்தான், அதனால் லாகினும் தனித்தனியாகக் கேட்கும். ரௌட்டர் வாங்கியும் பலன் கிடைக்கவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மோடைத்தான்.

பக்கம் வரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான். ரௌட்டரில் நீங்களாக ஒரு டிஎன்எஸ் சர்வரைப் போட்டிருந்தாலோ, மறையாக்க டிஎன்எஸ்ஸோ விபிஎன்னோ ஆனில் இருந்தாலோ, லாகின் முடியும் வரை அணைத்துவையுங்கள். அதற்கடுத்தது கொஞ்சம் மறைவான காரணம். ஹோட்டலின் லாகின் பக்கம் பல நேரம் உள் நெட்வொர்க் முகவரியில் இருக்கும். வெளிப்பெயர் ஒன்று உள் முகவரியைக் காட்டினால் அது தாக்குதல் என்று எண்ணி ரௌட்டர் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். பிரவுசர் திருப்பிவிடப்படுவது தெரியும், மேலே ஹோட்டலின் லாகின் முகவரியும் வரும், ஆனால் தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நிற்கும். இதுதான் அடையாளம். `DNS Rebinding Attack Protection` என்பதை அணைத்தால் சரியாகிவிடும். ரௌட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியின் கமாண்டாகக் கொடுப்பதானால்:

```
uci set dhcp.@dnsmasq[0].rebind_protection='0'
uci commit dhcp
/etc/init.d/dnsmasq restart
```

லாகின் முடிந்ததும் இதைத் திரும்ப ஆன் செய்துவிடலாம். மீண்டும் லாகின் கேட்கும் நாளில் மறுபடி அணைக்க வேண்டியிருக்கும்.

அப்படியும் பக்கம் வரவில்லையா? மேக் முகவரியை நகலெடுப்பது கடைசி வழி. போனை நேராக ஹோட்டல் வைஃபையில் சேர்த்து லாகினை முடியுங்கள். பிறகு போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து, அங்கே காட்டும் மேக் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். போனின் பொது விவரப் பக்கத்தில் இருப்பது வேண்டாம். இன்றைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு முகவரி காட்டும், பதிவானது அதுதான். அதை ரௌட்டரின் வெளிப்புற மேக் முகவரியாகப் போட்டு இணையுங்கள். அதற்கு முன் போனில் ஹோட்டல் வைஃபையை மறக்கச் செய்துவிட வேண்டும். போன் மறுபடி போய் ஒட்டிக்கொண்டால் ஒரே முகவரியில் இரண்டு கருவி ஆகிவிடும். நெட் வருவதும் போவதுமாக இருக்கும்.

வேகத்தில் ரௌட்டர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரே வைஃபை ரேடியோவில் ஹோட்டலிடம் வாங்கி அதே ரேடியோவில் ஸ்டிக்குக்குக் கொடுத்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இரட்டை பேண்ட் ரௌட்டர் என்றால் ஹோட்டலோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் ஸ்டிக்கோடு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இணைத்தால் இந்த இழப்பு இருக்காது. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அந்த வேகத்தில் 2 மணி நேரப் படம் ஏறத்தாழ 4.5 ஜிபி சாப்பிடும், நாளுக்கு இத்தனை ஜிபி என்று அளவு வைத்திருக்கும் ஹோட்டலில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து ரௌட்டருக்குப் பவர் கொடுக்காதீர்கள். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டின் தர அளவு 0.5 ஆம்பியர்தான், ரௌட்டர் படத்தின் நடுவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். ஸ்டிக்குக்கும் ரௌட்டருக்கும் அவற்றோடு வந்த அடாப்டரையே எடுத்துப் போங்கள், பிளக் பாயிண்ட் குறைவாக இருந்தால் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனும். டிவி சுவரோடு ஒட்டியிருந்தால் பின்புற எச்டிஎம்ஐ போர்ட்டில் ஸ்டிக் நுழையாது, அதற்கு ஒரு குட்டை எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் வேண்டும். ரிமோட்டில் இன்புட் மாற்றும் பட்டனையே ஹோட்டல் முடக்கி வைத்திருந்தால் டிவியின் பக்கவாட்டில் உள்ள பட்டனைத் தேடிப் பாருங்கள். அதுவும் முடக்கப்பட்டிருந்தால் ரிசப்ஷனில் கேட்பதைத் தவிர வழியில்லை. மேலே சொன்ன மூன்றில் எதுவும் அங்கே உதவாது.