வெளிநாட்டில் இருந்துகொண்டு சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவர்களே, அப்பா கணக்கு வழியாகப் பணம் கட்டாதீர்கள்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் 2017-ல் சென்னைப் புறநகரில் 60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினார், 2025-ல் 90 லட்சத்துக்கு விற்றார். வீட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விற்ற பணம் மாதக்கணக்கில் துபாய் போய்ச் சேரவில்லை. காரணம் எட்டு வருடம் முன்பு பணம் கட்டிய விதம். "எந்தக் கணக்கில் இருந்து வந்தால் என்ன சார், பணம் பணம்தானே" என்று சொன்ன புரோக்கர் இப்போது போனை எடுப்பதில்லை.

60 லட்சம் மூன்று வழியில் போயிருக்கிறது. 24 லட்சம் அவருடைய என்.ஆர்.இ. கணக்கிலிருந்து நேராக பில்டருக்கு. 30 லட்சத்தை அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி, அப்பா செக் கொடுத்தார். மீதி 6 லட்சம் ரொக்கம், பத்திரத்தில் ஏறவில்லை.

விதி சொல்வது இது: வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் பணத்தில் கட்டலாம், அல்லது வாங்குபவரின் என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர்., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து கட்டலாம். உள்ளூர்க்காரரான அப்பாவின் சேமிப்புக் கணக்கு இதில் எதிலும் வராது. அதோடு, அந்த 30 லட்சம் 'குடும்பப் பராமரிப்பு' என்ற காரணம் போட்டு வந்திருக்கிறது. வீட்டுக்காக வந்த பணம் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. விற்ற பிறகு வங்கி மூலப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது 24 லட்சத்துக்கு மட்டும்தான் கணக்கு அறிக்கை இருந்தது.

வித்தியாசம் பெரியது. என்.ஆர்.இ. அல்லது வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய தொகை வரைக்கும் திரும்ப எடுத்துப் போகலாம். குடியிருப்பு வீடு என்றால் இரண்டு வீடு வரைக்கும்தான் இந்தச் சலுகை. லாபமும் மற்ற தொகையும் என்.ஆர்.ஓ. கணக்கில் விழுந்து, ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் போக வேண்டும். வரம்பு தாராளமானது. ஆனால் மூலத்தையும் வரி கட்டியதையும் காட்டாமல் வங்கி அசையாது. இவரோ வெளிநாடு போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றவில்லை. விற்ற பணமும் அதில்தான் விழுந்தது. முதலில் கணக்கை மாற்று என்று வங்கி நிறுத்திவிட்டது.

ரொக்கம் கொடுத்தது தனி முட்டாள்தனம். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதே சட்டவிரோதம், பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம். கொடுத்தவருக்கும் நஷ்டம்தான்: பத்திர விலை 54 லட்சம் என்பதால் லாபம் 30-க்குப் பதில் 36 லட்சமாகக் கணக்காகிறது. 12.5 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 4.68 லட்சம். ரொக்கம் மட்டும் 78,000 ரூபாய் கூடுதல் வரியைக் கொண்டுவந்தது.

அடுத்தது 2025-ல் இந்த வீட்டை வாங்கியவர் செய்த தவறு. பவர் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டது சென்னையில் இருக்கும் தம்பி என்பதால், உள்ளூர் விற்பனை என்று நினைத்து 1 சதவீதம், அதாவது 90,000 மட்டும் டி.டி.எஸ். பிடித்தார். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் அந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. குறைந்த விகிதப் பிடித்தச் சான்று இல்லாவிட்டால் 90 லட்சம் முழுவதற்கும் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 14.3 சதவீதம், சுமார் 12.87 லட்சம் பிடிக்க வேண்டியிருக்கும். குறைவாகப் பிடித்தால் வட்டியோடு வாங்கியவர் தலையில் விழும். விற்றவர் மீதி 3.78 லட்சத்தையும் அதற்கான வட்டியையும் கட்டிய பிறகுதான், பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான சான்றிதழில் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார்.

முழு விலைக்கும் டி.டி.எஸ். பிடிப்பதைத் தவிர்க்க வழி உண்டு. முன்பணம் கை மாறுவதற்கு முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த விகிதப் பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். லாபத்துக்கு உரிய அளவு மட்டும் பிடிப்பார்கள், பணம் ரீஃபண்டில் முடங்காது. வாரக்கணக்கில் ஆகும் என்பதால் வாங்குபவரிடம் ஒப்பந்தம் போடும்போதே அந்த அவகாசத்தைக் கேளுங்கள்.

அதே புரோக்கர் அந்தக் குடும்பத்திடம் இப்போது 'பண்ணை மனை' என்று பத்து சென்ட் மாந்தோப்பை விற்கப் பார்க்கிறார். விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு மூன்றையும் வெளிநாடுவாழ் இந்தியர் விலைக்கு வாங்கவே கூடாது. வாரிசாக வரலாம், ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டார் என்பது இதற்குப் பதில் ஆகாது. eservices.tn.gov.in தளத்தில் பட்டாவைப் பாருங்கள். நஞ்சை, புஞ்சை என்று இருந்தால், மனைப்பிரிவுக்கான டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகார எண்ணைக் கேளுங்கள். எண் வராமல் விளக்கம் மட்டும் வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.